யெனேவர் ருசிப்பது எப்படி? டிரை ஜின் என்று நினைத்துத் திறந்தேன், ரொட்டி வாசம் அடிக்கிறது

தஞ்சை_வேலு

அண்ணன் ராட்டர்டாமிலிருந்து லீவுக்கு வந்தபோது இரண்டு பாட்டில் யெனேவர் கொண்டுவந்தார். ஒன்றில் யோங்கே என்றும் இன்னொன்றில் ஔடே என்றும் போட்டிருக்கிறது. ஜின்னோட தாத்தா என்று சொல்லித்தான் கொடுத்தார், அதனால் வழக்கம்போல டானிக், ஐஸ், எலுமிச்சை போட்டுக் கலந்தேன். யோங்கே பரவாயில்லை, கொஞ்சம் வோட்கா மாதிரி அடங்கிப் போய்விட்டது. ஔடே டானிக்கோடு சேரவே இல்லை, கசப்பு தனியாக நிற்கிறது, அடியில் புளித்த மாவு மாதிரி ஒன்று தனியாக நிற்கிறது. ஜின்னுக்கு வாசம் தருகிற ஜூனிப்பர் பழம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. சரக்கு கெட்டுப்போய்விட்டதா, இல்லை இதைக் குடிக்கிற முறையே வேறயா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதுரை_ஜின்

டானிக்கை மாற்றிப் பாருங்கள் வேலு. சாதா டானிக் இனிப்பு ஜாஸ்தி. இனிப்பு குறைந்த டானிக், வெள்ளரித் துண்டு, இரண்டு மிளகு, கிளாஸ் நிறைய ஐஸ். எந்த ஜின்னும் இதில் எழுந்து நிற்கும். ஒரு பங்கு ஜின்னுக்கு மூன்று பங்கு டானிக், அதற்கு மேல் ஊற்றாதீர்கள்.

ஸ்கீடாம்_ரவி

மதுரை_ஜின், அவர் கேட்டது டானிக் பற்றி இல்லை, உள்ளே இருக்கிற சரக்கு பற்றி.

வேலு தம்பி, பாட்டில் கெடவில்லை. நீங்கள் சொன்ன அந்தப் புளித்த மாவு வாடைதான் அந்தப் பானத்தின் உயிரே. நான் ராட்டர்டாமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன், ஸ்கீடாம் என்கிற ஊர் இங்கிருந்து மெட்ரோவில் போய்விடலாம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஒரு ஊரில் மட்டும் நானூறுக்குக் கிட்ட வடிசாலைகள் இருந்தன. அவர்கள் வடித்ததன் பெயர் மௌட்வைன். பெயரில் வைன் இருந்தாலும் திராட்சைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. ரை தானியமும் முளைகட்டிய பார்லியும் அரைத்து, வெந்நீரில் ஊறல் போட்டு, ஈஸ்ட் விட்டுப் புளிக்க வைத்து, செப்புப் பானையில் மூன்று தடவை வடிப்பது. பழைய ஸ்கீடாம் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு ரை, ஒரு பங்கு பார்லி. சோளம் பின்னால் வந்து சேர்ந்தது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். முதல் வடிப்பில் பத்துப் பன்னிரண்டு சதவீதம் வரும், இரண்டாவதில் இருபத்தைந்து பக்கம், மூன்றாவதில் 46 முதல் 48 வரைதான். அங்கே நிறுத்திவிடுவார்கள். டிரை ஜின்னுக்கு அடிப்படையாக எடுக்கிற ஸ்பிரிட் 96 சதவீதம் வரை வடிக்கப்பட்டது, அதில் எந்தத் தானியம் போட்டார்கள் என்று மோந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 47-ல் நிறுத்தினால் தானியத்தின் எண்ணெயும் கனமான வாடைகளும் கூடவே வந்துவிடும். அதில் ஒரு பகுதியை ஜூனிப்பரும் மற்ற மசாலாக்களும் போட்டு மறுபடி வடித்து, திரும்பக் கலப்பார்கள். ஆக, ஜூனிப்பர் இங்கே மசாலா, சாப்பாடு தானியம். டிரை ஜின்னில் சாப்பாடே ஜூனிப்பர். டானிக்கில் இருக்கிற கொய்னா கசப்பு ஜூனிப்பரோடு பொருந்தும், புளித்த தானியத்தோடு சண்டை போடும், உங்கள் கிளாஸில் நடந்தது அதுதான்.

இரண்டு பாட்டில் லேபிளிலும் என்னென்ன எழுதியிருக்கிறது என்று முழுசாகப் படித்துப் போடுங்கள், அப்புறம் ருசிப்பதைப் பற்றிப் பேசலாம்.

செல்வா_கேஎல்

ஒரு சின்னக் குறிப்பு. ஔடே என்றால் பழையது, அதாவது மரப்பீப்பாயில் ஊறப்போட்டது. யோங்கே இளசு, பீப்பாய் பார்க்காதது. விஸ்கி மாதிரிதான் கணக்கு. அதனால் வேலு உணருகிற மாவு வாடை பீப்பாயிலிருந்து வந்திருக்கும். வரலாறும் சொல்லிவிடுகிறேன்: இதைக் கண்டுபிடித்தவர் லெய்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சில்வியஸ், சிறுநீரகத்துக்கு மருந்தாகத் தயாரித்தார்.

ஸ்கீடாம்_ரவி

செல்வா, பெயர்க் காரணம் நீங்கள் சொல்வது போலத்தான் தோன்றும், இங்கே கடையில் நிற்கிற பல பேரே அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் ஔடே என்றால் பழைய பாணி, யோங்கே என்றால் புதுப் பாணி. பாட்டிலின் வயசு இல்லை. சட்டக் கணக்கு என்னவென்றால் யோங்கேயில் மௌட்வைன் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஔடேயில் 15-க்குக் குறையக்கூடாது, கோரன்வைன் என்று போட்டால் 51-க்குக் குறையக்கூடாது. மிச்சமெல்லாம் வாசமில்லாத சாதா நியூட்ரல் ஸ்பிரிட். பீப்பாய் பற்றி லேபிளில் வயசு சொன்னால் மட்டும் 700 லிட்டருக்கு மிகாத பீப்பாயில் ஒரு வருஷமாவது இருந்திருக்க வேண்டும். வயசு சொல்லாத ஔடே பீப்பாயையே பார்க்காமல் இருக்கலாம். அந்த இளமஞ்சள் நிறம் காரமலாகவும் இருக்கலாம், ஔடேக்கு அதற்கு அனுமதி உண்டு. நிறத்தைப் பார்த்து வயசு சொல்லவே முடியாது.

யோங்கே ஏன் வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். 1830-ல் ஏனியஸ் காஃபி தன் தொடர் வடிகலத்துக்குக் காப்புரிமை வாங்கினார், அதற்குப் பிறகு சுத்தமான ஸ்பிரிட் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது. லண்டனில் அதை வைத்து டிரை ஜின் வந்தது. நெதர்லாந்தில் மௌட்வைனில் அந்த ஸ்பிரிட்டைக் கலக்க ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போர் சமயத்தில் தானியம் கிடைப்பது கஷ்டமானதும் மௌட்வைன் இன்னும் குறைந்து, அந்த லேசான பாணியே ஜனங்களுக்குப் பழகிவிட்டது.

சில்வியஸ் கதை எல்லா இடத்திலும் ஓடுகிறது. அவர் பிறந்தது 1614. 1623-ல் வந்த ஓர் ஆங்கில நாடகத்திலேயே இந்தப் பானத்தின் பெயர் வருவதாகச் சொல்கிறார்கள், அப்போது அவருக்கு ஒன்பது வயசு.

செல்வா_கேஎல்

சில்வியஸ் விஷயம் சரி, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நான் குடித்த பெல்ஜியம் பாட்டிலில் எட்டு வருஷம் என்று போட்டிருந்தது, ஓக் வாசம் தெளிவாக இருந்தது. அதனால் பீப்பாய் இல்லாமல் ஔடே என்ற பெயருக்கு என்ன மரியாதை என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது.

ஸ்கீடாம்_ரவி

வயசு போட்ட பாட்டில் இருக்கத்தான் இருக்கிறது, நல்லதாகவே இருக்கும். கிழக்கு ஃபிளாண்டர்ஸில் அந்த மாதிரி நிறைய வரும். ஔடே என்ற சொல் மட்டும் அதற்கு உத்தரவாதம் தராது என்பதுதான் நான் சொல்வது.

தஞ்சை_வேலு

லேபிள் பார்த்தேன். யோங்கே 35 சதவீதம், தண்ணீர் மாதிரி நிறமே இல்லை. ஔடே 38 சதவீதம், ரொம்ப லேசான வைக்கோல் நிறம், வயசு எதுவும் போடவில்லை. பெரிய எழுத்தில் "100 சதவீத கிரான்" என்று இருக்கிறது. அப்படியென்றால் முழுக்க மௌட்வைன் தானே? நல்ல பாட்டில்தான் கொடுத்திருக்கிறார் அண்ணன்.

ஸ்கீடாம்_ரவி

இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கிரான் என்று போட்டால் உள்ளே இருக்கிற ஆல்கஹால் அத்தனையும் தானியத்திலிருந்து வந்தது, பீட்ரூட் சர்க்கரைப் பாகிலிருந்து வரவில்லை என்று மட்டும் அர்த்தம். கோதுமையிலிருந்து 96 சதவீதத்துக்கு வடித்த நியூட்ரல் ஸ்பிரிட்டும் தானியம்தான். அதனால் நூறு சதவீத தானியத்தில் மௌட்வைன் பதினைந்து சதவீதமாகவும் இருக்கலாம். மௌட்வைன் எவ்வளவு என்று தனியாக எண் போட்டிருந்தால்தான் நம்பலாம். ஸ்கீடாமில் 1902 முதல் ஒரு முத்திரை உண்டு, அது இருந்தால் முழு மௌட்வைன், அந்த ஊரிலேயே வடித்தது. ஆனால் அது சில பாட்டில்களில்தான் இருக்கும்.

எண் போடாவிட்டால் நாக்குதான் கதி. அதற்கு ஒரு வழி சொல்கிறேன், வீட்டில் ஒரு டிரை ஜின் இருக்கிறதா?

தஞ்சை_வேலு

இருக்கிறது அண்ணா, லண்டன் டிரை, 43 சதவீதம்.

ஸ்கீடாம்_ரவி

போதும். மூன்று கிளாஸ் எடுங்கள். சின்ன வைன் கிளாஸ், வாய் கொஞ்சம் உள்பக்கம் குறுகினது, ஒரே மாதிரி மூன்று. அகலமான விஸ்கி டம்ளர் வேண்டாம், தானிய வாசம் பறந்துவிடும். ஒவ்வொன்றிலும் 20 மில்லி. ஐஸ் கிடையாது. அறை வெப்பம் உங்கள் ஊரில் முப்பதுக்கு மேல் போகும், அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் குத்தும், அதனால் மூன்று பாட்டிலையும் ஒரு இருபது நிமிஷம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து எடுத்து ஊற்றுங்கள். ஃப்ரீசர் கூடாது.

மூக்கைக் கிளாஸுக்குள் விடாதீர்கள். விளிம்புக்கு ஓர் அங்குலம் மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி இழுங்கள். முதலில் டிரை ஜின், பிறகு யோங்கே, கடைசியில் ஔடே. கனமானதை முதலில் மோந்தால் மற்றது எதுவும் தெரியாது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: முதலில் வந்தது பச்சிலை, பைன் மர வாசமா, இல்லை மாவு, ரொட்டி வாசமா? எது முதலில் வந்தது என்று எழுதி வையுங்கள்.

பிறகு ஒரு வாய், ஒரு டீஸ்பூன் போதும். உடனே விழுங்காமல் நாக்கில் பரவ விட்டு, விழுங்கின பிறகு மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். மௌட்வைனின் தானியம் அங்கேதான் தெரியும், நாக்கு நுனியில் தெரியாது. அப்புறம் ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டுத் திரும்பவும் மோந்து பாருங்கள். ஔடேயில் 20 மில்லிக்கு 5 மில்லி தண்ணீர் விட்டால் முப்பது சதவீதத்துக்கு இறங்கும், அந்த அளவில் மசாலாக்கள் பிரிந்து நிற்கும்.

மாலதி_டொராண்டோ

ரவி அண்ணா, நான் இங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறேன், தினமும் ரை மாவு புளிக்க வைப்பதுதான் வேலை. வேலு, ரை வாசம் பழக்கமில்லை என்றால் எதைத் தேடுவது என்றே தெரியாது. நம் ஊரில் அதற்குக் கிட்ட இருப்பது முளைகட்டி வறுத்து அரைத்த கேழ்வரகு மாவு. குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவோமே, அதுதான். கொஞ்சம் கையில் எடுத்து வெந்நீர் தெளித்துப் பிசைந்து மோந்து வைத்துக்கொண்டு, பிறகு கிளாஸ் பக்கம் வாருங்கள். முளைகட்டின தானியத்தில் வருகிற அந்த இனிப்பும் கொட்டை வாசமும் ஒன்றுதான். ரையில் அதோடு ஒரு மிளகுக் காரமும், தொண்டைக்குக் கீழே ஒரு பிசுபிசுப்பும் இருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம். இங்கே ஒரு கடையில் வாங்கின ஔடே குடித்தபோது முதலில் நன்றாக இனித்தது, பிறகு சோம்பு வந்தது, தானியம் கடைசி வரை வரவே இல்லை. அது மோசமான பாட்டிலா?

ஸ்கீடாம்_ரவி

மாலதி, அந்த இனிப்பு மால்ட்டிலிருந்து வந்ததில்லை, போட்ட சர்க்கரை. வடித்த பிறகு ஆல்கஹாலில் மால்ட்டின் சர்க்கரை ஒரு துளி கூட மிஞ்சாது. மால்ட்டின் இனிப்பு என்று நாம் சொல்வது வாசனை தருகிற எண்ணம்தான், நாக்கில் ஒட்டாது. ஔடேயில் லிட்டருக்கு 20 கிராம் வரை சர்க்கரை போடலாம், யோங்கேயில் 10 வரை. சர்க்கரையும் சோம்பும் தூக்கலாக இருந்தால் உள்ளே மௌட்வைன் குறைவு, அதை மூடப் போட்டிருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். எப்போதும் அப்படி என்று சொல்ல மாட்டேன், சில நல்ல வீட்டுப் பாணிகளிலேயே சோம்பு உண்டு.

சர்க்கரையைக் கண்டுபிடிக்க நாக்கே வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டில் நாலைந்து சொட்டு விட்டு, ஃபேன் காற்றில் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்ததும் விரல் வைத்துப் பாருங்கள். சர்க்கரை இருந்தால் விரல் ஒட்டும். சர்க்கரை போடாதது வழவழவென்று ஒரு எண்ணெய்த் தடம் மட்டும் விட்டுவிட்டுப் போகும்.

பிரசாந்த்_சிட்னி

இந்த இழையைப் பார்த்துவிட்டு அலமாரியில் தேடினேன். என்னிடம் ஸ்டைன்ஹேகர் என்று ஒரு மண் பாட்டில் இருக்கிறது, ஜெர்மனிக்காரர் ஒருவர் கொடுத்தது. ஜூனிப்பர் தான், மண் பாட்டில் தான், டச்சு யெனேவர் படத்திலும் இதே பாட்டில்தான் வருகிறது. குடித்துப் பார்த்தால் தானியம் மருந்துக்குக் கூட இல்லை. ரவி சொன்ன முறையில் மூன்று தடவை மோந்தேன், பைன் மரம் மட்டும்தான். என் மூக்கில் ஏதாவது கோளாறா?

ஸ்கீடாம்_ரவி

மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது பிரசாந்த். அது வேறு குடும்பம். வெஸ்ட்ஃபாலியாவில் ஜூனிப்பர் பழத்தையே நசுக்கிப் புளிக்க வைத்து வடித்து, அதை நியூட்ரல் ஸ்பிரிட்டில் கலந்து மறுபடி வடிப்பார்கள். மௌட்வைன் கிடையாது. அதனால் ஜூனிப்பர் வாசம் கனமாக, பழத்தின் சதையோடு வரும், தானியம் வராது. மண் பாட்டில் இரண்டு பக்கமும் வழக்கம், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அதை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரக் குடியுங்கள், நன்றாக இருக்கும்.

தஞ்சை_வேலு

நேற்று ராத்திரி செய்து பார்த்தேன். மாலதி சொன்னபடி அம்மாவிடம் கேழ்வரகு மாவு வாங்கிப் பிசைந்து மோந்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். எழுதி வைத்ததை அப்படியே போடுகிறேன்.

டிரை ஜின்: மோந்த உடனே பைன், எலுமிச்சைத் தோல். மாவு வாசம் இல்லவே இல்லை. விழுங்கின பிறகு வாய் காய்ந்துபோகிறது.

யோங்கே: முதலில் ஒன்றுமே இல்லை, வெறும் ஸ்பிரிட். தண்ணீர் விட்டதும் ஒரு லேசான சோம்பு. மூச்சு விடும்போது மாவு இருக்கிறதா இல்லையா என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை.

ஔடே: மாவுதான் முதலில். கேழ்வரகு மாவுக்கு அடுத்த வீட்டு வாசம் என்றே சொல்லலாம், கூடவே வறுத்த வேர்க்கடலைத் தோல். தண்ணீர் விட்டதும் சீரகம் மாதிரி ஒன்று, கொத்தமல்லி விதை. ஜூனிப்பர் விழுங்கி முடித்து மூச்சு விடும்போது கடைசியில் வருகிறது, அதுவும் மெதுவாக. டானிக்கில் எனக்குப் பிடிக்காமல் போன அதே வாசம்தான், தனியாகக் குடித்தால் இவ்வளவு நன்றாக இருக்கிறது.

தட்டில் காயவிட்டதில் யோங்கே ஒட்டவில்லை. ஔடே லேசாக ஒட்டியது. காலியான ஔடே கிளாஸைக் கழுவ மறந்து காலையில் எடுத்தால் உள்ளே ரொட்டி ஓட்டின் வாசம் அப்படியே இருந்தது. டிரை ஜின் கிளாஸில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. ஔடேயில் கடைசி மிடறில் ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை வந்தது. அதுவும் தானியமா?

மாலதி_டொராண்டோ

சீரகம் மாதிரி என்று சொன்னது கேரவே விதையாக இருக்கும் வேலு. ரை ரொட்டியில் அதைப் போடுவோம், அதனால் இரண்டும் சேர்ந்தால் ரொட்டி நினைவு இரண்டு மடங்காகத் தெரியும். தானியத்தின் வாசம் எவ்வளவு, கேரவேயின் வேலை எவ்வளவு என்று பிரிக்க எனக்கே கஷ்டம்.

ஸ்கீடாம்_ரவி

அருமையான குறிப்பு தம்பி. காலி கிளாஸ் விஷயத்தை நானே சொல்ல நினைத்தேன். ஆல்கஹால் போன பிறகு கனமான தானிய எண்ணெய்கள்தான் கிளாஸில் தங்கும். மௌட்வைன் அதிகமாக இருந்தால் மறுநாள் காலை ரொட்டி ஓடும், ஈர வைக்கோலும் மணக்கும். பீப்பாயில் இருந்தது என்றால் வெனிலா, மரத்தூள் மிஞ்சும். காரமல் நிறம் மட்டும் போட்டது என்றால் வாசமாக ஒன்றும் மிஞ்சாது. செல்வாவும் தன் எட்டு வருஷப் பாட்டிலில் இதைச் செய்து பார்க்கலாம்.

உங்கள் ஔடேயில் மௌட்வைன் 15-க்கு மேல் நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் எவ்வளவு என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

அட்டைப்பெட்டி வாடை தானியம் இல்லை, அது வடிப்பின் வால் பகுதி. கடைசியில் வருகிற பலவீனமான திரவத்தைக் கொஞ்சம் அதிக நேரம் சேர்த்துக்கொண்டால் ஈர அட்டை, நனைந்த நாய் மாதிரி வாடை வரும். 47-ல் நிறுத்துகிற சரக்கில் வாலுக்கும் நல்ல பகுதிக்கும் நடுவே எல்லை ரொம்ப மெல்லியது, அதனால் நல்ல வடிசாலையிலும் ஒரு துளி எட்டிப் பார்க்கும். கடைசி மிடறில் மட்டும், மெதுவாக வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மோந்ததும் அதுதான் முதலில் வந்தால் அந்தப் பாட்டிலை மறுபடி வாங்காதீர்கள். இதற்கு எதிர்ப்பக்கம் நெயில் பாலிஷ் வாடை. அது தலைப் பகுதியை வெட்டாமல் விட்டதன் அடையாளம். அது வந்தால் தண்ணீர் விட்டாலும் போகாது, இன்னும் தூக்கும்.

செல்வா_கேஎல்

நான் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். முளைகட்டிய பார்லி, ரை, செப்புப் பானை, மூன்று வடிப்பு. பீப்பாய் கிடையாது. இது பீப்பாயில் போடாத விஸ்கிதானே? அதில் கொஞ்சம் ஜூனிப்பரைப் போட்டு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஜூனிப்பரே தேட வேண்டியிருக்கிறது என்றால் அதை ஜூனிப்பர் பானம் என்று ஏன் சொல்ல வேண்டும்?

ஸ்கீடாம்_ரவி

கோபமெல்லாம் இல்லை, இது இங்கேயே ஓயாமல் நடக்கிற சண்டை. என் பதில் வடிப்பின் அளவில் இருக்கிறது. வடிகலத்திலிருந்து இறங்குகிற புது விஸ்கி 70 சதவீதத்துக்குக் கிட்ட இருக்கும், அதைவிட மௌட்வைன் ரொம்பக் கீழே நிற்கிறது. அதனால்தான் தனியாகக் குடித்தால் மௌட்வைன் முரடாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். ஜூனிப்பருக்கு அங்கே வேலை இருக்கிறது: அதன் பிசின் கசப்பு அந்த எண்ணெயை வெட்டி வாயைச் சுத்தம் பண்ணுகிறது. ஜூனிப்பரைத் தனி வாசமாகத் தேடினால் கிடைக்காது. விழுங்கின பிறகு வாய் எண்ணெய்யாகத் தங்காமல் காய்கிறதா என்று பாருங்கள், காய்ந்தால் ஜூனிப்பர் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஸ்கீடாமில் மியூசியத்தோடு சேர்ந்த சின்ன வடிசாலை ஒன்று பழைய முறையில் ரை, பார்லி, ஜூனிப்பர் மட்டும் போட்டு வடிக்கிறது. அதை ருசித்தால் நான் சொல்வது தெளிவாகத் தெரியும். கேரவே இல்லை, சோம்பு இல்லை, ஒளிய இடமே இல்லை.

செல்வா_கேஎல்

வாய் காய்கிற விஷயம் நல்ல பாயிண்ட், சோதித்துப் பார்க்கிறேன். ஆனால் ஜூனிப்பர் இல்லாத மௌட்வைனையும் ஜூனிப்பர் போட்டதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குடிக்காமல் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மதுரை_ஜின்

சரி, டானிக் வேண்டாம் என்று ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் இதை எதோடு கலப்பது? வெறுமனே குடிக்க எல்லோருக்கும் பிடிக்காதே.

ஸ்கீடாம்_ரவி

விஸ்கியோடு எது சேருமோ அதோடு வையுங்கள். 60 மில்லி ஔடே, ஒரு டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, இரண்டு சொட்டு பிட்டர்ஸ், பெரிய ஐஸ் கட்டியில் கிண்டி எலுமிச்சைத் தோலைப் பிழிந்து விடுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க பார்களில் ஹாலண்ட் ஜின் என்று ஊற்றியது பெரும்பாலும் இந்த மால்ட் சரக்கைத்தான், பழைய காக்டெயில் குறிப்புகள் பல அதை வைத்து எழுதியவை. அதில் டிரை ஜின்னை ஊற்றினால் மெலிந்துபோகும். உங்கள் ஔடேயில் ஏற்கெனவே கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது, அதனால் வேலு செய்வதானால் பாகை அரை டீஸ்பூனாகக் குறைக்கவும்.

இங்கே வழக்கமான முறை பியரோடு. டியூலிப் வடிவச் சின்னக் கிளாஸை விளிம்பு வரை தளும்பத் தளும்ப ஊற்றுவார்கள், தூக்கினால் சிந்தும், அதனால் கையைப் பின்னால் வைத்துக் குனிந்து முதல் மிடறை மேஜையிலேயே உறிஞ்சுவது. பக்கத்தில் ஒரு பியர். கோப்ஸ்டோட் என்று பெயர். ஆம்ஸ்டர்டாமில் 1679-ல் தொடங்கிய வைனந்து ஃபொக்கிங் கடையில் இன்றும் அப்படித்தான் தருகிறார்கள். ருசித்துப் பார்க்க அது சரியான முறை இல்லை, தளும்புகிற கிளாஸில் வாசம் சேர இடமே கிடையாது. ஆனால் ருசி பார்த்து முடித்த பிறகு குடிக்க நல்ல முறை.

பிரசாந்த்_சிட்னி

குளிர வைப்பது பற்றி ஒருமித்த கருத்து வரவில்லையே. நான் பார்த்த டச்சுக்காரர்கள் பாட்டிலையே ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள்.

ஸ்கீடாம்_ரவி

யோங்கேயை அப்படி வைப்பவர்கள் நிறைய உண்டு, அதில் மறைக்க வாசமும் குறைவு, குளிரில் வழவழப்பாக இறங்கும். ஔடேயை ஃப்ரீசரில் வைத்தால் நீங்கள் காசு கொடுத்து வாங்கின தானியம் காணாமல் போகும். மௌட்வைன் அதிகமுள்ளதை ரொம்பக் குளிரவைத்தால் சில சமயம் மங்கலாகவும் ஆகும், எண்ணெய்கள் கரைசலிலிருந்து பிரிவதால், அது கெட்டதன் அடையாளம் இல்லை, சூடு ஏறினால் தெளிந்துவிடும். என் வீட்டுக்காரி இதை ஒத்துக்கொள்ள மாட்டார், அவர் ஔடேயையும் ஃபிரிட்ஜிலிருந்து நேராகத்தான் குடிப்பார், சூட்டில் அவருக்கு ரை நெடி ஜாஸ்தி. அது அவரவர் நாக்கு.

மாலதி_டொராண்டோ

அடுத்த பாட்டில் வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று ஒரே வரியில் சொல்லுங்கள் அண்ணா, இங்கே கடையில் வகை ரொம்பக் கம்மி, விலையும் கூட.

ஸ்கீடாம்_ரவி

மௌட்வைன் சதவீதம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதாவிட்டால் கோரன்வைன் என்ற சொல்லைத் தேடுங்கள், குறைந்தது 51 உறுதி. அதுவும் இல்லை, ஔடே மட்டும்தான் இருக்கிறது என்றால் கடைக்காரரிடம் சாம்பிள் கேட்டு மோந்து பாருங்கள். சோம்பும் இனிப்பும் முதலில் வந்தால் விட்டுவிடுங்கள், மாவு முதலில் வந்தால் வாங்குங்கள்.

தஞ்சை_வேலு

அண்ணன் டிசம்பரில் மறுபடி வருகிறார். கோரன்வைன் ஒன்றும், செல்வா கேட்ட மாதிரி ஜூனிப்பர் போடாத மௌட்வைன் கிடைத்தால் அதில் ஒன்றும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ரவி அண்ணா, வெறும் மௌட்வைன் கடையில் தனியாக விற்கிறார்களா, இல்லை வடிசாலையில்தான் கேட்க வேண்டுமா?